சென்ட்ரல் வாசலில் முதல் வார்த்தை: ஓர் ஆட்டோ ஓட்டுநரின் ஒப்பீடு

காலையில் வடக்கிலிருந்து ரயில் வந்து நின்றதும் சென்னை சென்ட்ரல் வாசலில் என்ன நடக்கும் என்பது அங்கே ஒரு முறை இறங்கியவர்களுக்கும் தெரியும். இரண்டு இரவு பயணம் செய்த களைப்போடு, ஒரு கையில் பெட்டியும் மறுகையில் குழந்தையுமாக ஒருவர் வெளியே வருவார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்து "ஆட்டோ, ஆட்டோ" என்பார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கையை ஆட்டிக்கொண்டே வேகமாக நடந்துவிடுவார். சற்றுத் தள்ளி, யாரும் கூப்பிடாத இடத்தில் நிற்கும் ஏதோ ஓர் ஆட்டோவில் ஏறிக்கொள்வார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் நானும் கூவி அழைத்தவன்தான். ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவரே அந்தத் தள்ளி நிற்கும் வண்டியில் ஏன் ஏறுகிறார் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் என் பேச்சு மாறியது. பயணியை எப்படி அழைப்பது, போகும் இடத்தை எப்படிக் கேட்டு உறுதி செய்வது என்பதற்கு நம்மிடம் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். புதிதாக வண்டி எடுத்திருக்கும் தம்பிகளுக்காக அவற்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தெருவில் இவற்றைப் பேச்சுத் தமிழில்தான் சொல்வோம். எழுதும்போது எழுத்து நடையில் தருகிறேன், அவரவர் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. வாசலுக்கே போய் ஆளை எதிர்கொள்வது ஒரு வழி. வண்டியை விட்டு நகராமல் நிற்பது இன்னொரு வழி. வாசலுக்குப் போகிறவர்களுக்குக் கூட்டம் அதிகமான நேரத்தில் முதல் சவாரி விரைவாகக் கிடைக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் நடந்து வருகிறவரின் பாதையில் நேராகப் போய் நின்றால், அவர் நம்மைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த நொடியிலேயே நாம் அவருக்கு ஒரு தடையாகிவிடுகிறோம். வண்டியருகே நின்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பகல் பதினோரு மணிக்கு, ரயில் இல்லாத நேரத்தில், அரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பாதையின் ஓரமாக, ஆளுக்கும் எனக்கும் இரண்டு கை நீளம் இருக்கும்படி நிற்கிறேன். ஒரே ஒரு முறை பேசுகிறேன். பதில் வராவிட்டால் அவர் பின்னால் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை.

பயணியின் பையை மட்டும் அவர் சொல்லாமல் தொடவே கூடாது. உதவி செய்யத்தான் கை நீட்டுகிறோம் என்று நமக்குத் தெரியும். அவருக்கோ, பை நம் கைக்கு வந்துவிட்டால் பேரம் முடிந்துவிட்டது என்ற பயம் வந்துவிடும். ஊர் தெரியாதவர்கள் பையை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இடமும் கட்டணமும் பேசி முடித்த பிறகு "பையை நான் வைக்கட்டுமா?" என்று கேட்டால் அதே ஆள் நன்றியோடு கொடுக்கிறார்.

கேள்வியா, தகவலா

முதல் வார்த்தைக்கு வருகிறேன். "ஆட்டோ வேண்டுமா சார்?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. இதில் தவறு ஒன்றும் இல்லை, மரியாதையான கேள்விதான். ஆனால் களைத்துப்போய் வருகிறவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "வேண்டாம்" என்பதே. யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ஒரு முறை சொல்லிவிட்டால் திரும்பி வந்து நம் வண்டியில் ஏற அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் தள்ளி நிற்கும் வண்டிக்குப் போகிறார். நாம் கேட்ட கேள்வியே அவரை அங்கே அனுப்பிவைக்கிறது.

அடுத்தது "எங்கே போக வேண்டும்?" என்பது. பலர் இதை "ஆட்டோ வேண்டுமா" என்பதைவிட நல்லது என்று நினைக்கிறார்கள், ஏனென்றால் வேண்டாம் என்ற பதிலுக்கு இதில் இடமில்லை. என்னைக் கேட்டால் அதுவேதான் இதன் குறை. ஏறுவதாக அவர் சொல்லவே இல்லை, நாம் முடிவு செய்துவிட்டுப் பேசுகிறோம். முன்பின் தெரியாத ஒருவர் நாம் போகும் இடத்தைக் கேட்டால் சொல்லத் தோன்றாது. அதிலும் தனியாக வருகிற பெண் நிச்சயம் சொல்ல மாட்டார்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது, அதை ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டு வாசலுக்குச் சவாரிக்கு அழைத்திருந்தார்கள். பாட்டி செருப்பு மாட்டிக்கொண்டு படியில் இறங்கும்போதே "எங்கேம்மா போக வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே திரும்பிப் போனார். சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தார். கிளம்புகிறவரை "எங்கே" என்று கேட்கக் கூடாது, "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும் என்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார், வண்டியில் உட்கார்ந்ததும் எனக்கு மறந்துவிட்டது. பாட்டி பேத்திக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார் என்பது வழியில்தான் தெரிந்தது. நம்புகிறோமோ இல்லையோ, நம்புகிறவர் மனத்தில் ஓர் உறுத்தலோடு அவரை ஏற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. அன்றிலிருந்து வீட்டு வாசலில் "எந்தப் பக்கம் அம்மா?" என்றோ "எந்த இடத்தில் இறக்கிவிடட்டும்?" என்றோ கேட்கிறேன். கேட்பது அதே விஷயத்தைத்தான். இரண்டாவது கேள்வியில் அவர் போவதைப் பற்றிய பேச்சே இல்லை, நான் செய்ய வேண்டிய வேலையைத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது வழி, "வணக்கம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது. இதை ஒரு மாதம் செய்து பார்த்தேன். வீட்டு வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் மிக நன்றாக இருந்தது. சென்ட்ரல் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விழுந்த சிலரும் இந்த ஆள் எதற்காக வணக்கம் சொல்கிறார் என்று புரியாமல் பார்த்தார்கள்.

இப்போது நான் சொல்வது "வணக்கம் சார், ஆட்டோ இருக்கிறது" என்பது. கேள்வி இல்லை, தகவல்தான். "வேண்டுமா" என்றால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். "இருக்கிறது" என்றால் பதிலே தேவையில்லை. அவர் என்னைக் கடந்து போகலாம், தண்ணீர் பாட்டில் வாங்கலாம், வீட்டுக்குப் போன் பேசலாம். என்னிடம் "வேண்டாம்" என்று சொல்லாததால் திரும்பி வருவதில் அவருக்குக் கூச்சமும் இல்லை. அப்படித் திரும்பி வந்தவர்கள் பலர். எல்லா நாளும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் நாலு பேர் கூவிக்கொண்டிருந்தால் மெதுவாகச் சொல்கிற என் குரல் அமுங்கிவிடும். அந்த நேரங்களில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பதுதான் நல்லது. குரலை உயர்த்தினால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவேன்.

சிலர் மெட்ரோவுக்கு வழி கேட்பார்கள். படி எந்தப் பக்கம் என்று காட்டிவிட வேண்டும். முகத்தைச் சுளித்தால், நேற்று கேட்டவர் நாளை வந்தாலும் நம்மிடம் வர மாட்டார்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. சென்னையில் ஆண்களுக்கு "சார்", பெண்களுக்கு "மேடம்" போதும். வயதான பெண்களை "அம்மா" என்றும் பெரியவர்களை "அய்யா" என்றும் அழைத்தால் முகம் மலர்கிறது. முப்பது வயதுப் பெண்ணை அக்கா என்பதா, அம்மா என்பதா என்று குழம்பத் தேவையில்லை, மேடம் என்றுவிடலாம். ஆனால் கூட வருகிறவர் யார் என்று ஊகித்து "உங்கள் வீட்டுக்காரரும் வருகிறாரா?" என்பது போன்ற பேச்சு வேண்டவே வேண்டாம். அண்ணனாக இருக்கலாம், அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவராக இருக்கலாம். ஒரு தவறான ஊகம் முழுப் பயணத்தையும் கசப்பாக்கிவிடும்.

இடத்தை உறுதி செய்வது

அழைப்பதில் தவறினால் ஒரு சவாரி போகும். இடத்தில் தவறினால் அவருடைய நாளே போய்விடும். இந்த ஊரில் ஒரே பெயரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

ஓர் உதாரணம். கல்கத்தாவிலிருந்து வரும் ரயிலில் மருத்துவத்துக்காக ஏராளமான வங்காளக் குடும்பங்கள் வருகின்றன. கையில் ஒரு கோப்பு இருக்கும். வாயில் ஒரே வார்த்தை: "அப்போலோ". அவர்களைப் பொறுத்தவரை சென்னையில் ஓர் அப்போலோதான். நமக்கோ கிரீம்ஸ் சாலையில் இருப்பது, தேனாம்பேட்டையில் இருப்பது, வானகரத்தில் இருப்பது, தரமணியில் இருப்பது என்று பல. கிரீம்ஸ் சாலை சென்ட்ரலிலிருந்து நான்கு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வானகரமும் தரமணியும் ஆளுக்கு ஒரு திசையில், அதைப் போல மூன்று மடங்குத் தூரம்.

இங்கே ஓட்டுநர் என்ன செய்யலாம்? தலையாட்டிவிட்டு கிரீம்ஸ் சாலைக்கு வண்டியை விடலாம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தவறாகப் போகிற அந்த ஒரு நாளில், முன்பதிவு நேரத்தைத் தவறவிட்ட நோயாளியோடு சாலையோரத்தில் நின்று கூடுதல் பணம் கேட்க வேண்டியிருக்கும். நியாயமாகக் கேட்டாலும் ஏமாற்றுவது போலத்தான் இருக்கும்.

"எந்த அப்போலோ?" என்று கேட்கலாம். இது சரியான கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் பல இருப்பது தெரியாதவரிடம் எது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? மிரண்டுபோய் "பெரிய அப்போலோ" என்பார். ஊர் தெரியுமா என்று ஆழம் பார்க்கிறான் என்ற சந்தேகமும் வந்துவிடும். நான்கு இடங்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லி எது என்று கேட்பதும் அப்படித்தான். தமிழ் தெரியாதவர் காதில் நான்கும் ஒன்று போலவே ஒலிக்கும்.

நான் காரணத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கேட்கிறேன். "அதே பெயரில் ஊரில் வேறு இடங்களிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. நீங்கள் போவது கிரீம்ஸ் சாலையில் இருப்பதுதானே? சீட்டில் முகவரி இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் காட்டுங்கள்." நான் ஏன் கேட்கிறேன் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுவதால் அவர் பயப்படுவதில்லை. அதிகம் பேர் போகும் இடத்தை நானே சொல்லிவிடுவதால் ஆம், இல்லை என்று தலையசைத்தாலே போதும். மொழி தெரியாதவரானால் இரண்டு சொல் வங்காளியும் நாலு சொல் இந்தியும் உதவும், ஆனால் சீட்டைப் போல வேறு எதுவும் உதவாது. சீட்டில் நான் பார்ப்பது அஞ்சல் குறியீட்டு எண். 600006 என்றால் கிரீம்ஸ் சாலை. 600095 என்றால் வானகரம் பக்கம். ஆங்கில முகவரியைப் படிக்கச் சிரமப்படும் ஓட்டுநரும் எண்ணைப் படித்துவிடலாம். கோப்பைக் கையில் வாங்குவதில்லை. நோய் என்ன, யாருக்கு என்று கேட்பதும் இல்லை. முகவரி என்னுடைய வேலை, மற்றது அவர்களுடையது.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் தென் மாவட்டங்களுக்கும் டெல்டா பக்கத்துக்கும் போகும் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. 2024 பிப்ரவரியில் ஒரு காலை, டெல்லியில் மகன் வீட்டிலிருந்து திரும்பிய வயதான தம்பதி என் வண்டியில் ஏறினார்கள். "பஸ் ஸ்டாண்ட் போக வேண்டும் தம்பி" என்றார் பெரியவர். நானும் பழைய நினைப்பில் "கோயம்பேடுதானே அய்யா?" என்றேன். அவர் "ஆமாம்" என்றார். அவருக்கும் பழைய நினைப்புதான், ஊரை விட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. கோயம்பேட்டில் இறக்கிய பிறகுதான் அவர்கள் போக வேண்டியது கும்பகோணம் என்று தெரிந்தது.

நான் உறுதி செய்யத்தான் செய்தேன். ஆனாலும் தவறியது. யோசித்துப் பார்த்தால், "கோயம்பேடுதானே?" என்ற கேள்வி என் ஊகத்துக்கு அவரைத் தலையாட்ட வைத்தது, அவ்வளவுதான். இடத்தின் பெயரை மட்டும் திருப்பிச் சொல்வது, பயணிக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்திருந்தால்தான் பயன்படும். தெரியாதவரிடம், அந்த இடத்துக்கு எதற்காகப் போகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். "எந்த ஊர் பஸ் அய்யா? ஊரைப் பொறுத்து நிலையம் மாறும்" என்று கேட்டிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும். கும்பகோணம் என்றால் கிளாம்பாக்கம், ஆந்திரப் பக்கம் என்றால் பெரும்பாலும் மாதவரம். ஆஸ்பத்திரியில் நோயைக் கேட்பது அத்துமீறல், பஸ் நிலையத்துக்கு ஊரைக் கேட்பது உதவி. இடத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்குத்தான் கேள்வி இருக்க வேண்டும்.

கட்டணத்தை எப்போது பேசுவது என்பதும் இதில் அடங்குகிறது. அரசு 2013-ல் அறிவித்த கட்டணப்படியே பாருங்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு சுமார் பத்து கிலோமீட்டர். எட்டே கால் கிலோமீட்டருக்குக் கூடுதல் கட்டணம் என்று வைத்தால் 125 ரூபாய்க்குள் வரும். கிளாம்பாக்கம் முப்பது கிலோமீட்டருக்கு மேல், அது நானூறு ரூபாய் அளவுக்குப் போகும். "பஸ் ஸ்டாண்டா, ஏறுங்கள், இவ்வளவு கொடுங்கள்" என்று இடத்துக்கு முன்னால் தொகையைச் சொல்லிவிட்டால், பிறகு இடம் மாறும்போது தொகையும் மாற வேண்டும். முதலில் சொன்னது பொய் என்று அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் இடம், அதன் பிறகு தொகை அல்லது மீட்டர், அதன் பிறகு பை, கடைசியில் ஸ்டார்ட். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. அன்று அந்தப் பெரியவரைக் கிளாம்பாக்கம் போகும் மாநகரப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினேன். கோயம்பேட்டுக்கு வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு முறை உறுதி செய்த பிறகு மீண்டும் மீண்டும் கேட்பதும் தொல்லைதான். பாதை பிரியும் இடத்தில் ஒரு முறை, "இந்த வழியில் போகட்டுமா, நீங்கள் வழக்கமாகப் போகும் வழி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறேன்.

செயலியில் வரும் சவாரி

போனில் முன்பதிவு செய்தவர்களிடம் பேசுவது வேறு விதம். பெரும்பாலான ஓட்டுநர்கள் அழைத்ததும் "எங்கே இறங்க வேண்டும்? எவ்வளவு காட்டுகிறது? பணமாகத் தருவீர்களா?" என்று மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்கிறோம். கேட்பதற்கு நமக்குக் காரணம் இருக்கிறது. தொலைவான இடமானால் திரும்பும்போது வெறும் வண்டி, கையில் பணம் இல்லாவிட்டால் எரிவாயு போட முடியாது. ஆனால் அந்தப் பக்கம் கேட்கிறவருக்கு அது ஒன்றே ஒன்றாகத்தான் கேட்கிறது: பிடிக்காவிட்டால் இவர் ரத்து செய்துவிடுவார். பேருந்தைப் பிடிக்கக் காத்திருப்பவர் அந்த அழைப்பிலேயே பதறிவிடுகிறார்.

அழைக்காமலே போவது இன்னொரு வழி. இது அமைதியானது, ஆனால் வரைபடத்தில் குத்திய இடம் பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும். வாசல் எந்தத் தெருவில் என்று தெரியாமல் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். ஆஸ்பத்திரிகளிலும் ரயில் நிலையங்களிலும் இது தினமும் நடக்கிறது. அதனால் அழைப்பதே மேல், ஆனால் இறங்குமிடத்தைப் பற்றி அல்ல, ஏறும் இடத்தைப் பற்றி. "வணக்கம், நீங்கள் புக் செய்த ஆட்டோ. கிளம்பிவிட்டேன், ஐந்து நிமிடத்தில் வருவேன். எந்த வாசலில் நிற்கிறீர்கள்?" கிளம்பிவிட்டேன் என்ற ஒரு சொல்லிலேயே ரத்து பற்றிய பயம் போய்விடுகிறது.

போய்ச் சேர்ந்ததும் பெயரைக் கூவி அழைப்பதை விட்டுவிட வேண்டும். ஒரு பெண்ணின் பெயர் சாலையில் நிற்கும் எல்லோர் காதிலும் விழத் தேவையில்லை. வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொன்னால் அவரே தன் போனைப் பார்த்து வருவார். ஓடிபி சொன்ன பிறகுதான் இறங்குமிடம், அதுவும் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டுவதாக: "அடையாறு காந்தி நகர் என்று காட்டுகிறது, சரியா மேடம்?" இந்த ஊரில் காந்தி நகர்கள் பல, அதனால் பகுதியின் பெயரையும் சேர்த்தே படிக்கிறேன்.

இரவு நேரத்தில் தனியாக வருகிறவரிடம் வீட்டு எண்ணையோ மாடியையோ கேட்பதில்லை. "தெரு முனையில் நிறுத்தட்டுமா, உள்ளே வரட்டுமா? உங்கள் விருப்பம்" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்கிற இடத்தில் நிறுத்துகிறேன். சிலர் இரண்டு வீடு முன்னதாகவே இறங்கிக்கொள்கிறார்கள். அவர் உள்ளே போகும்வரை விளக்கை அணைக்காமல் நிற்கிறேன், எந்த வாசலில் நுழைகிறார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.